வெட்டுவாயில் வீழும் ஒற்று

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் ஏரிகளையும் கோயில்களையும் கல்லாய்ப் போன மரத்தையும் காட்டும் குறுங்காணொளி ஒன்றிற்குத் தமிழ் அடிவரி எழுதுவதாகக் கொள்க. "இரண்டே வரி, மூன்றே நொடி; இதில் ஒற்றை எவர் தேடப்போகின்றார்?" என்று வினவுவார் உளர். அவர்தம் கூற்று தலைகீழானது. நூல் படிப்பவன் ஒரு சொல்லில் இடறினால் மேலே சென்று மீண்டும் படிப்பான். அடிவரி படிப்பவனுக்கு அவ்வாய்ப்பு இல்லை. அவன் திகைத்து நிமிர்வதற்குள் வரி மறைந்துவிடும். இடம் குறுகக் குறுகப் பிழைக்குரிய இடமும் குறுகவேண்டும் என்பதே அறிவுடைய முறை.

பிழை பிறக்கும் முதலிடம் சுருக்கம். பேசுவோர் நீட்டிச் சொல்வர். வரி எழுதுவோர் இடத்திற்கேற்பக் குறைப்பர். குறைக்கும்போது உருபு போகின்றது. உருபு போன இடத்தில் புதியதொரு புணர்ச்சி தோன்றுகின்றது. 'ஏரியின் கரை' என்பதில் ஒற்று மிகாது. 'இன்' நீங்கினால் அது 'ஏரிக்கரை' ஆதல் வேண்டும். 'என்று சொல்வர்' என்பதில் மிகாது. 'என்று' என்பதை 'என' ஆக்கினால் 'எனச் சொல்வர்' ஆதல் வேண்டும். எழுதுவோரோ பழைய தொடரின் நினைவிலேயே 'ஏரி கரை' என்றும் 'என சொல்வர்' என்றும் விட்டுவிடுகின்றனர். பிழைகாட்டும் கணிப்பொறியை நம்பியும் பயனில்லை. 'ஏரி', 'கரை' எனத் தனித்தனியே நோக்கின் இரண்டும் குற்றமற்ற சொற்கள். 'கரை' என்பது 'கறை' என மாறினும் அதுவும் ஒரு தமிழ்ச்சொல்லே ஆதலின், சொல்லைச் சொல்லாகவே நோக்கும் பொறி வாளாவிருக்கும்.

சில உருபுகளைக் குறைத்தலே கூடாது. கங்கைகொண்ட சோழபுரத்தில் இராசேந்திர சோழன் அமைத்த சோழகங்கம் இன்று பொன்னேரி எனப்படுகின்றது. அதனைக் காட்டும்போது ஒருவர், "ஏரியைக் காத்த ஊர்" என்று சொல்வதாகக் கொள்வோம். ஈரெழுத்து மிச்சம் பிடிக்க விரும்பி "ஏரி காத்த ஊர்" என வரி எழுதினால், ஊர் ஏரியைக் காத்ததா, ஏரி ஊரைக் காத்ததா என்பது விளங்காது. இலக்கணப்படி அத்தொடரில் பிழையில்லை, பொருள்தான் கைந்நழுவியது. ஆங்கே 'ஐ' நிற்றல் வேண்டும். அதனோடு 'க்' என்னும் ஒற்றும் நிற்றல் வேண்டும்.

பிழை பிறக்கும் இரண்டாம் இடம் வெட்டுவாய். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் கிடக்கின்றது. 1940-இல் அதனைக் கண்டறிந்து உரைத்தவர் நிலவியலறிஞர் கிருட்டிணன். இச்செய்தியை மூன்று திரைகளாக வெட்டினர் எனக் கொள்க:

இங்கே கிடப்பது சாத்தனூர்
கல்மரம் 1940-இல்
கண்டறிந்தவர் கிருட்டிணன்

முதல் திரையின் ஈற்றில் 'சாத்தனூர்' நிற்கின்றது. 'கல்மரம்' அடுத்த திரைக்குப் போய்விட்டது. திரை திரையாகத் திருத்துவோர் கண்ணுக்கு இரண்டும் ஒருங்கே தோன்றா. ஆதலின் ஒற்று விழுந்தமை தெரியாது. 'சாத்தனூர்க்' என ஒற்றை மட்டும் ஒட்டினால், துணையற்ற மெய்யொன்று திரையின் ஓரத்தில் தொங்கும். ஆகவே பிழை ஒற்றில் இல்லை, வெட்டில் உள்ளது. இவ்வாறு வெட்டுக:

இங்கே கிடப்பது
சாத்தனூர்க் கல்மரம்
1940-இல் கண்டறிந்தவர் கிருட்டிணன்

திரைகள் மூன்றே, ஒற்றும் நின்றது, பொருளும் நின்றது. 'கன்மரம்' என்றன்றோ புணரவேண்டும் எனப் புலவர் கேட்கக்கூடும். விதி அதுவே. ஆயினும் ஊரார் வாயில் 'கல்மரம்' என்றே பெயர் நிலைத்துவிட்டமையால், அதனை மூன்று நொடி வரியில் மாற்றிக் காண்பவனை மயக்குதல் வேண்டா.

ஒற்றின்மேல் அச்சங்கொண்டு கண்ட இடமெல்லாம் இடுவோரும் உளர். 'கங்கைகொண்டச் சோழபுரம்' என்பது அத்தகைய பிழை. 'கொண்ட' என்பது பெயரெச்சம். அதன்பின் வல்லினம் மிகாது. 'சோழர்க் கோயில்' என்பதும் பிழையே. உயர்திணைப் பெயரின் ஈற்று மெய் வல்லினத்தின்முன் இயல்பாகவே நிற்கும். 'சோழர் கோயில்' என்க.

திருத்தும் முறை எளிது. வெட்டுமுன் சுருக்கிய உரை முழுவதையும் ஒரே பத்தியாக எழுதி, வாய்விட்டுப் படித்து, ஒற்றுகளை இடுக. பின்னர்ப் பொருள் முடியும் இடத்தில் வெட்டுக. வெட்டியபின் ஒவ்வொரு திரையின் கடைச்சொல்லையும் அடுத்த திரையின் முதற்சொல்லையும் சேர்த்துப் படிக்க. ஆங்கு ஒற்றுத் தோன்றுமாயின், வெட்டை ஒரு சொல் முன்னோ பின்னோ நகர்த்துக. ஐந்து நிமையக் காணொளிக்கு இதனைச் செய்யச் சிறுபொழுதே போதும். அச்சிறுபொழுதும் தமிழுக்கு இல்லை என்பார், அடிவரியைத் தமிழில் இடுவானேன்?