கீமோ ஏற்றிய பத்தாம் நாள் காய்ச்சல் வந்தால்: கடியப்பட்டணம் மக்களுக்கு ஒரு வேண்டுகோள்

இதை எழுதுகிற நாங்கள் இந்த ஊரில் கீமோ ஏற்றிக்கொண்டவர்கள், அவர்களுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தவர்கள், ஆசாரிப்பள்ளத்துக்கும் நெய்யூருக்கும் திருவனந்தபுரம் ஆர்.சி.சி.க்கும் கூடவே அலைந்தவர்கள். வாந்தியும் முடி கொட்டுவதும் எல்லோருக்கும் தெரியும். நாங்கள் பயப்படச் சொல்வது வேறொன்றை. வெறும் காய்ச்சலை.

எங்களுக்குத் தெரிந்த ஒரு அக்காவுக்கு ஒரு திங்கட்கிழமை கீமோ ஏற்றினார்கள். மூன்று நாள் குமட்டல், அப்புறம் தெளிந்துவிட்டார். அடுத்த வாரம் புதன்கிழமை, அதாவது பத்தாம் நாள், இரவு ஒன்பது மணிக்குக் குளிர் நடுக்கியது. தெர்மாமீட்டர் 100.8 காட்டியது. சளி இல்லை, இருமல் இல்லை, எங்கும் புண்ணும் இல்லை. "மாத்திரையப் போட்டுட்டுப் படு மக்ளே, விடிஞ்சா பாத்துக்கிடலாம்" என்றார் மாமியார். வீட்டில் இருந்த பாரசிட்டமாலைப் போட்டதும் பதினொரு மணிக்குக் காய்ச்சல் இறங்கியது. எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினார்கள். விடியற்காலை பார்த்தபோது கை கால் சில்லிட்டிருந்தது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் பாதியாக இறங்கியிருந்தது. எட்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து மீண்டு வந்தார்.

அந்த வீட்டில் யாரும் அலட்சியமாக இல்லை. சாதாரணக் காய்ச்சலுக்கு எல்லோரும் செய்வதைத்தான் செய்தார்கள். கீமோக்காரருக்கு அது ஏன் போதாது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

கீமோ மருந்து வேகமாகப் பெருகும் உயிரணுக்களைத் தாக்கும். புற்றுநோய் அணு அப்படிப் பெருகுவது. முடிவேர், வாயின் உள்தோல், குடல் தோல், எலும்பு மஜ்ஜை இவையும் அப்படித்தான் பெருகுகின்றன. கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுக்கள் மஜ்ஜையில்தான் பிறக்கின்றன, சில நாளே வாழ்கின்றன. மஜ்ஜை தளர்ந்ததும் இருப்பில் உள்ளவை தீரும், புதிது வராது. பெரும்பாலான மருந்துகளுக்கு ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை எண்ணிக்கை அடிமட்டத்தில் இருக்கும். 21 நாளுக்கு ஒருமுறை ஏற்றுவதற்கு அது மீண்டு வரவேண்டும் என்பதும் ஒரு காரணம்.

சீழ், வீக்கம், நெஞ்சுச் சளி எல்லாம் வெள்ளை அணுக்கள் சண்டை போடுவதன் அடையாளங்கள். ஆள் இல்லாத கோட்டையில் சண்டைச் சத்தம் கேட்காது. கிருமி ரத்தத்தில் ஏறிய பிறகும் காய்ச்சல் ஒன்றுதான் தெரியும். பாரசிட்டமால் அந்த ஒரே அடையாளத்தையும் அழித்துவிடுகிறது, கிருமியை ஒன்றும் செய்வதில்லை. அக்காவுக்கு நடந்தது இதுதான்.

ஆகவே, கீமோ நடக்கும் வீட்டில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். கோயில் காலண்டரில் கீமோ நாளை 1 என்று குறித்து, 7 முதல் 14 வரை வட்டம் போடுங்கள். காலையும் மாலையும், உடம்பு சூடாகத் தோன்றும்போதும், நாக்குக்கு அடியில் வைத்துப் பாருங்கள். கட்டன் சாயாவோ கஞ்சியோ குடித்திருந்தால் அரைமணி நேரம் பொறுங்கள். வாய் புண்ணாயிருந்தால் அக்குளில் வைக்கலாம், அது அரை டிகிரி முதல் ஒரு டிகிரி வரை குறைத்துக் காட்டும். ஆசனவாயில் வைக்கவே கூடாது.

100.4 வந்தால் அது அவசரம். மாத்திரை போடாதீர்கள், விடியட்டும் என்று காத்திராதீர்கள். நடுக்கம் வந்து காய்ச்சல் இல்லாவிட்டாலும் அதே கதைதான், ஏனென்றால் கீமோவோடு தரும் ஸ்டீராய்டு மாத்திரை காய்ச்சலை அமுக்கி வைக்கலாம். பக்கத்துக் கிளினிக்கில் இடுப்பில் ஊசி போட்டுக்கொண்டு திரும்பவும் வேண்டாம். ரத்தத் தட்டணுக்களும் குறைந்திருக்கும் நேரம் அது, ஊசி போட்ட இடத்தில் ரத்தம் கட்டிக்கொள்ளும்.

கீமோ போட்ட இடம் ஆர்.சி.சி.யாக இருந்தாலும் நடுராத்திரியில் இரண்டு மணி நேரம் ஓடி அங்கேதான் போகவேண்டும் என்றில்லை. அருகில் அவசரப் பிரிவு உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், போகும் வழியில் உங்கள் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். உள்ளே நுழைந்ததும் முதலில், "கீமோ நடக்குது, இன்னைக்குப் பத்தாம் நாள், காய்ச்சல் 100.8" என்று சொல்லுங்கள். "காய்ச்சல்" என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடக்கூடும். ரத்தம் எடுத்து, வந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக் ஏற்றுவதுதான் முறை. கீமோ பைலை எடுத்துப் போக மறக்காதீர்கள்.

கிருமி பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதில்லை, நம் குடலிலும் வாயிலும் தோலிலும் ஏற்கெனவே இருப்பதுதான் புண்ணான இடம் வழியாக ரத்தத்தில் ஏறுகிறது. அதனால் வாய்ப்புண்ணை வெறும் வலியாக நினைக்காதீர்கள். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவும் கலந்து, சாப்பிட்ட பின்னும் படுக்கும் முன்னும் கொப்பளியுங்கள். விழுங்க வேண்டாம், தினமும் புதிதாகக் கலக்குங்கள். பிரஷ் மிக மென்மையானதாக இருக்கட்டும். கருவாடும் மிளகு ரசமும் அந்த வாரத்துக்கு எரியும். ஆறிய கஞ்சியும் முள் நீக்கி நன்றாக வெந்த மீனும் இறங்கும். முந்தின நாள் மீன்குழம்பு நமக்கு ருசிதான், ஆனால் இந்த நாட்களில் வேண்டாம்.

நம் ஊருக்கென்று ஒன்று உண்டு. மீன் கழுவுவதையும் வலை பின்னுவதையும் அந்த வாரங்களில் மற்றவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். கெளுத்தி முள் குத்தினால் நமக்கு ஒருநாள் கடுப்பு, கீமோக்காரருக்கு அது கிருமி நுழையும் வாசல். கையில் குத்திவிட்டால் உடனே சோப்பு போட்டுக் கழுவி, சிவக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள்.

வாந்தி விஷயத்தில் ஒன்றுதான் சொல்ல இருக்கிறது. வந்த பிறகு மாத்திரை தேடுவது வீண். டாக்டர் எழுதிய நாள் முழுவதும், குமட்டல் இல்லாவிட்டாலும், நேரத்துக்குப் போடவேண்டும். சில மருந்துகளில் இரண்டாம் மூன்றாம் நாள்தான் வாந்தி மோசமாகும். தண்ணீர்கூட ஒரு நாள் முழுதும் நிற்கவில்லை என்றால் அதற்கும் ஆஸ்பத்திரிதான்.

இனி ஊராரிடம் கேட்பது. நோயாளியைப் பார்க்கப் போக ஆசைப்படுகிறவர்கள் காலண்டரில் வட்டம் போட்ட நாட்களைத் தவிருங்கள். ஜலதோஷம் இருந்தால் வாசலோடு நில்லுங்கள். அன்பியக் கூட்டத்தில் ஜெபம் சொல்வதை நோயாளி வீட்டுக்குப் பதில் வேறு வீட்டில் வைத்துக்கொள்ளலாம். மருந்துக்கடை நடத்துகிறவர்கள், காய்ச்சல் மாத்திரை கேட்டு வருபவரிடம் வீட்டில் யாருக்காவது கீமோ நடக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஆட்டோவும் காரும் வைத்திருக்கும் தம்பிகளே, 108 வரத் தாமதமானால் நடுராத்திரியில் உங்கள் கதவைத் தட்டுவார்கள். நோயாளி தன் காலால் நடந்து வந்து வண்டியில் ஏறுவார், பார்த்தால் ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். "இந்தக் காய்ச்சலுக்கா இந்நேரத்துல?" என்று கேட்காமல் வண்டியை எடுங்கள்.