சொடுக்கியும் திறக்காத மெயில்



ஆடி பதினெட்டு வந்தால் சிவகாசி வட்டாரத்து அச்சகங்களில் அடுத்த ஆண்டின் காலண்டர் ஆல்பம் வெளியாகிவிடும். அதன்பின் மார்கழி வரை ஆர்டர் பிடிக்கிற காலம்தான். இந்தப் பருவத்தில் திருத்தங்கலில் அச்சகம் நடத்தும் வாசகர் ஒருவர் நமக்கு ஒரு சிக்கலை எழுதியிருந்தார். அவருடைய இணையதளத்தில் ‘ஆர்டர் அனுப்ப’ என்று ஒரு லிங்க் இருக்கிறது. வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்து, “அண்ணாச்சி, அத அமுக்குனா என்னமோ கணக்கு சேர்க்கச் சொல்லி பாஸ்வேர்டு கேக்குது” என்றாராம். இன்னொருவர், “ஒண்ணுமே நடக்கல அண்ணாச்சி” என்றாராம். தளம் வடிவமைத்தவரைக் கேட்டால், “லிங்க் சரியாத்தான் இருக்கு” என்கிறார்.

மூவர் சொன்னதும் உண்மைதான். அந்த லிங்க் உள்ளே இப்படித்தான் இருக்கும்:

```
<a href="mailto:orders@example.com">ஆர்டர் அனுப்ப</a>
```

இது மெயிலை அனுப்புவதில்லை. ‘இந்த முகவரிக்கு ஒரு மெயில் எழுதத் தொடங்கு’ என்று கம்ப்யூட்டரிடம் சொல்வதோடு இதன் வேலை முடிந்தது. எந்த மெயிலில் எழுதுவது என்பதை வாடிக்கையாளரின் கம்ப்யூட்டர்தான் முடிவு செய்கிறது. இந்த mailto முறை 1994-லேயே இணைய விதிகளில் இடம்பெற்றுவிட்டது. அப்போது மெயில் என்றால் கம்ப்யூட்டரில் நிறுவிய ஒரு மென்பொருள். ஹாட்மெயில் வந்தது 1996-இல், ஜிமெயில் வந்தது 2004-இல். இன்று நம்மில் பலர் மெயில் பார்ப்பது பிரவுசரில் ஒரு பக்கமாக. விண்டோஸோ இன்னமும் ஒரு மென்பொருளைத்தான் தேடுகிறது. கிடைத்தால் அதைத் திறக்கிறது. அதில் கணக்கு இல்லையென்றால் சேர்க்கச் சொல்கிறது. பாஸ்வேர்டு கேட்டது அதனால்தான். பழைய விண்டோஸ் மெயிலைப் பயன்படுத்தி வந்தவர்களுக்கு ஒரு கூடுதல் குழப்பம் உண்டு. 2024 டிசம்பர் 31-ஓடு மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்திவிட்டது. அதன் இடத்தில் இப்போது புதிய அவுட்லுக் வந்து நிற்கிறது.

நீங்கள் சொடுக்கியது முதலில் பிரவுசரிடம் போகிறது. ‘மெயில் லிங்க்கை ஜிமெயிலில் திற’ என்று பிரவுசரிடம் முன்பே சொல்லியிருந்தால் அதுவே திறந்துவிடும். சொல்லவில்லையென்றால் விண்டோஸிடம் தள்ளிவிடும். எனவே, கோளாறு இந்த இரண்டில் எங்கே என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். விண்டோஸ் பொத்தானை அழுத்திக்கொண்டே R-ஐத் தட்டுங்கள். வரும் சிறு பெட்டியில் இதை எழுதி Enter கொடுங்கள்:

```
mailto:test@example.com
```

இந்தச் சோதனையில் இணையதளத்துக்கு வேலையே இல்லை. விண்டோஸ் யாரைக் கூப்பிடுகிறது என்பது மட்டும் தெரியும். திருத்தங்கல் வாசகர் தம் அலுவலகக் கம்ப்யூட்டரில் செய்து பார்த்தபோது அவுட்லுக் திறந்து, கணக்கைச் சேர்க்கச் சொன்னது. ஆக, லிங்க்கில் பிழையில்லை என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

அவர் பயன்படுத்துவது குரோமும் ஜிமெயிலும். முதலில் குரோமைச் சரிசெய்தார். ஜிமெயிலைத் திறந்தால், முகவரிப் பட்டையின் வலது ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த இரண்டு சாய்சதுரங்கள் போல ஒரு சிறு குறி தெரியும். அதைச் சொடுக்கி அனுமதி கொடுத்தால் போதும். அவருக்கு அந்தக் குறியே தெரியவில்லை. எப்போதோ யாரோ ‘வேண்டாம்’ என்று அழுத்தியிருந்தால் குரோம் திரும்பக் கேட்காது. அப்படியானால் முகவரிப் பட்டையில் chrome://settings/handlers என்று எழுதி உள்ளே போக வேண்டும். தளங்கள் அனுமதி கேட்கலாம் என்ற தேர்வு மேலே இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, தடுக்கப்பட்ட பட்டியலில் mail.google.com இருந்தால் நீக்கிவிட்டு, ஜிமெயில் பக்கத்தை மறுபடி ஏற்றினால் குறி வந்துவிடும். ஃபயர்ஃபாக்ஸ் வைத்திருப்பவர்கள் Settings பக்கத்தில் Applications என்ற பகுதியில் mailto-வுக்கு எதிரே ஜிமெயிலைத் தேர்ந்தெடுக்கலாம்.

இதோடு பாதி வேலைதான் முடிந்தது. வேர்டு கோப்பிலோ பி.டி.எஃப். ஆல்பத்திலோ இருக்கிற மெயில் லிங்க் குரோம் வழியாக வருவதில்லை. நேரே விண்டோஸிடம் போகிறது. எனவே விண்டோஸ் 11-இல் Settings, Apps, Default apps என்று போய், மேலே உள்ள பெட்டியில் MAILTO என்று எழுதி, குரோமைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டையும் செய்ய வேண்டும் என்பதைக் கவனியுங்கள். விண்டோஸில் மட்டும் மாற்றிவிட்டு, குரோமில் ஜிமெயிலுக்கு அனுமதி தராமல் விட்டால், குரோம் திறக்கும். எழுதும் பக்கம் வராது. ‘ஒண்ணுமே நடக்கல’ என்பதற்கு இது ஒரு காரணம்.

சரியாகத் திறந்த பிறகும் ஒன்றைப் பாருங்கள். ஒரே குரோமில் கடைக் கணக்கு, மகன் கணக்கு என்று இரண்டு மூன்று ஜிமெயில் இருந்தால், முதலில் உள்நுழைந்த கணக்கில்தான் எழுதும் பக்கம் திறக்கும். அனுப்புநர் இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்காமல் அனுப்பினால், பதில் உங்கள் கண்ணில் படாத பெட்டிக்குப் போய்ச் சேரும்.

அவசரத்துக்கு எந்த அமைப்பையும் மாற்ற வேண்டியதில்லை. லிங்க்கின் மேல் வலது சொடுக்கு போட்டால் Copy email address என்று வரும். நகலெடுத்து, உங்கள் மெயிலில் ஒட்டிக்கொள்ளலாம். அரசுத் தளங்களில் பெரும்பாலும் முகவரியை [at], [dot] என்று எழுதியிருப்பார்கள். குப்பை மெயில் அனுப்புவோரின் நிரல்கள் அள்ளிக்கொண்டு போகாதிருக்கச் செய்யும் ஏற்பாடு அது. அது லிங்க்கே இல்லை. அந்த இடங்களில் @, புள்ளி போட்டு நாமே எழுதிக்கொள்ள வேண்டும்.

இனி, தளம் வைத்திருக்கும் அச்சகத்தாருக்கும் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாடிக்கையாளர் சொடுக்கி, ஒன்றும் திறக்காமல் போனால், அந்தச் செய்தி உங்கள் தளத்துக்குத் திரும்பி வராது. mailto-வில் அதற்கு வழியே கிடையாது. அவர் ஆர்டர் கொடுக்க வந்தார் என்பதுகூட உங்களுக்குத் தெரியாது. போன் செய்து சொன்ன இருவரால்தான் நம் வாசகருக்கு விஷயம் தெரிந்தது; பேசாமல் அடுத்த அச்சகத்துக்குப் போனவர்கள் எத்தனை பேரோ! வாடிக்கையாளரின் கம்ப்யூட்டரை நாம் போய்ச் சரிசெய்ய முடியாது. ஆனால், ‘ஆர்டர் அனுப்ப’ என்ற சொல்லுக்குப் பின்னால் முகவரியை ஒளித்து வைக்காமல், முழு முகவரியையும் கண்ணுக்குத் தெரியும்படி எழுதலாம். பக்கத்திலேயே போன் எண்ணைப் போடலாம். முடிந்தால், பெயரும் தேவையும் நிரப்பி அங்கிருந்தே அனுப்புகிற ஒரு படிவம் வைக்கலாம்; அதற்கு எந்த மெயில் மென்பொருளும் தேவையில்லை.

நம் வாசகர் முதல் இரண்டையும் செய்துவிட்டார். உங்கள் தளத்திலும் லிங்க் இருந்தால், உங்களுடையதல்லாத ஒரு கம்ப்யூட்டரிலும் ஒரு போனிலும் இன்றே சொடுக்கிப் பாருங்கள். என்ன திறந்தது என்று எங்களுக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்