சமாதானம் பேசுமுன் விசாரணை செய்யுங்கள்



நம் பெண்மக்கள் கடைகளிலும் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும் பணிபுரிகின்றனர். அவர்களுள் ஒருவர், உடன் பணிபுரியும் ஆணால் தமக்கு நேர்ந்த பாலியல் துன்புறுத்தலைப் பற்றி வாய் திறந்தால், நம்மவர் நடத்தும் நிறுவனங்கள் பலவற்றில் நடப்பது என்ன? பெரியவர்கள் இருவர் கூடுவர். "பித்னா வேண்டாம், நிறுவனத்தின் பெயரும் பிள்ளையின் பெயரும் கெட்டுவிடும்" என்பர். அந்த ஆண் ஒரு மன்னிப்பு கேட்பார். அடுத்த மாதம் அந்தப் பெண் வேலையை விட்டு நிற்பார். இதற்கு நாம் சூட்டியிருக்கும் பெயர் ஸுலஹ். விசாரணையே நடவாத இடத்தில் சமாதானம் என்பது பலவீனமானவரை வாய்மூடச் செய்வதன்றி வேறில்லை என்பதே நமது வாதம்.

2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் இதற்கொரு வழிமுறையை வகுத்துள்ளது. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் ஒவ்வோர் இடத்திலும் உள்ளகக் குழு ஒன்று இருக்கவேண்டும். மூத்த பெண் ஊழியர் ஒருவர் அதற்குத் தலைவர். உறுப்பினர்களில் பாதிப் பேரேனும் பெண்கள். நிறுவனத்தைச் சாராத வெளியார் ஒருவரும் அதில் இருக்கவேண்டும். இந்த வெளியாரை முதலாளியின் மைத்துனராகவோ நண்பராகவோ அமர்த்திவிட்டால், குழு இருந்தும் இல்லாததுதான். பத்துப் பேருக்குக் குறைவான இடமாயினும், புகார் முதலாளியின் மீதே ஆயினும், மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவை அணுகவேண்டும்.

இனி ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பார்ப்போம். முப்பது பேர் பணிபுரியும் ஒரு ஜவுளிக்கடை. கணக்குப் பிரிவில் இருக்கும் சகோதரிக்கு மேலாளர் இரவு நேரங்களில் வாட்ஸ்அப்பில் ஆபாசச் செய்திகளை அனுப்புகிறார். கடைசிச் செய்தி பிப்ரவரி 10 அன்று வந்தது. கடைசி நிகழ்விலிருந்து மூன்று மாதத்திற்குள், அதாவது மே 10க்குள், அவர் எழுத்துவடிவில் புகார் தரவேண்டும். தக்க காரணம் இருப்பின், அதைப் பதிவுசெய்து குழு மேலும் மூன்று மாதம் வரை அனுமதிக்கலாம். எழுத இயலாதவருக்கு எழுதித் தருவது குழுவின் கடமை. ஆகவே, "ஏன் உடனே சொல்லவில்லை?" என்று அந்தச் சகோதரியை மடக்கும் பெரியவர், சட்டமே தந்திருக்கும் அவகாசத்தைக் குற்றமாக்குகிறார்.

புகார் வந்த ஏழு வேலை நாட்களுக்குள் அதன் பிரதி மேலாளருக்குச் சேரவேண்டும். பத்து வேலை நாட்களுக்குள் அவர் தம் பதிலையும் ஆவணங்களையும் சாட்சிகளின் பெயர்களையும் தரவேண்டும். இதற்கிடையே அந்தச் சகோதரி அதே மேலாளரின் கீழ் அமர்ந்திருக்க வேண்டியதில்லை. அவர் எழுதிக் கேட்டால், இருவரில் ஒருவரை வேறிடத்திற்கு மாற்றும்படியோ, அவருக்கு உரிய விடுப்புக்கு மேல் மூன்று மாதம் வரை விடுப்பு தரும்படியோ குழு பரிந்துரைக்கலாம். அவருடைய பணியை மதிப்பிடும் பொறுப்பை மேலாளரிடமிருந்து எடுத்து வேறொருவரிடம் தரவும் கூறலாம். நம்மவர் செய்வதோ, புகார் தந்தவரை மட்டும் வீட்டிலிருக்கச் சொல்வது. அவர் கேட்டுப் பெற்றால் அது நிவாரணம். கேளாமல் திணித்தால் அது தண்டனை.

சட்டத்தில் சமரசமும் உண்டு. ஆனால் அதைப் பாதிக்கப்பட்ட பெண்ணே, விசாரணை தொடங்குமுன், கேட்கவேண்டும். அதற்கு அடிப்படையாகப் பணம் கைமாறக் கூடாது. பெரியவர்கள் அவருடைய தந்தையை அழைத்து, ஒரு தொகையைக் கையில் வைத்து முடிக்கும் பேச்சு இவ்விரண்டு நிபந்தனைகளையும் மீறியதாகும்.

விசாரணை என்பது இரு தரப்பையும் கேட்பது. மேலாளர், "அந்தக் கைப்பேசி கடையில் பலர் கையாள்வது" என்கிறார் என வைத்துக்கொள்வோம். குழு அதை நம்பவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். செய்திகள் வந்த நேரத்தில் கடை திறந்திருந்ததா என்று பார்க்கட்டும். அந்தக் கைப்பேசியைக் கையாண்டதாக அவர் கூறுவோரைத் தனித்தனியே அழைத்துக் கேட்கட்டும். மேலாளர் அந்தச் சகோதரியிடம் கேட்க விரும்பும் கேள்விகளை எழுத்தில் பெற்று, குழுவே கேட்கலாம். இருவரையும் எதிரெதிரே நிறுத்தத் தேவையில்லை. எந்தத் தரப்பும் வழக்கறிஞரை அழைத்துவர இயலாது. தலைவர் உட்பட மூன்று உறுப்பினரேனும் அமர்ந்திருக்கவேண்டும். இவையெல்லாம் 90 நாட்களுக்குள் முடியவேண்டும்.

இங்கே எதிர்த்திசையிலிருந்து ஒரு குரல் எழும்: "தெளிவான குற்றத்திற்கு இத்தனை சடங்கா? இன்றே விரட்டுங்கள்." இந்தக் கோபம் நமக்குப் புரிகிறது, ஆனால் அதை ஏற்க இயலாது. கோவா பல்கலைக்கழகத்தில் 2009இல் மாணவிகள் தந்த புகாரின்பேரில் ஒரு பேராசிரியர் மீது விசாரணை நடந்தது. குழு கூட்டங்களை அடுத்தடுத்து அவசரமாக நடத்தியது. உடல்நலக்குறைவைக் கூறி அவர் கேட்ட அவகாசம் கிடைக்கவில்லை. அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டார். 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த நடவடிக்கையை ரத்து செய்து, விசாரணையைப் பழைய நிலையிலிருந்து மீண்டும் நடத்தும்படி அனுப்பியது. அவர் குற்றமற்றவர் என்று அது கூறவில்லை. விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்றே கூறியது. பதினான்கு ஆண்டுகள் கழித்து அந்த மாணவிகளின் புகார் தொடங்கிய இடத்துக்கே திரும்பியது. குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தர மறுத்த சில நாட்கள், புகார் தந்தவரிடமிருந்தே பறிக்கப்பட்டன.

நம் எடுத்துக்காட்டிற்குத் திரும்புவோம். ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியே முடிவு எழுதப்படவேண்டும். மேலாளரின் செய்திகள் கண்முன் உள்ளன, அது நிரூபணமானது. மாடிப்படியில் வழிமறித்தார் என்பதற்குச் சாட்சியோ சூழ்நிலை ஆதாரமோ கிட்டவில்லை; அது நிரூபணமாகவில்லை. முடிவுகளின் பிரதியை இருவருக்கும் தந்து அவர்களின் மறுப்பையும் கேட்கவேண்டும். விசாரணை முடிந்த பத்து நாட்களுக்குள் அறிக்கை முதலாளிக்குச் செல்லும். அவர் 60 நாட்களுக்குள் பரிந்துரையை நிறைவேற்றவேண்டும்.

மாடிப்படிச் செய்தி நிரூபணமாகவில்லை என்றவுடன், "பொய்ப்புகார் தந்தாள்" என்று கிளம்புவோர் இருப்பர். நிரூபிக்க இயலாமை வேறு, பொய் வேறு. தீய நோக்கம் இருந்ததென்று தனியே விசாரித்து நிலைநாட்டினாலன்றி, புகார் தந்தவர் மீது நடவடிக்கை இல்லை என்று சட்டமே கூறுகிறது. அவருடைய பெயரையும் விசாரணையின் செய்திகளையும் வெளியே பரப்புவதும் குற்றமே. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாயிலில் நின்று பேசுவதற்கு இதில் விலக்கில்லை.

முடிவில் மனநிறைவு கொள்ளாதவர் யாராயினும், அந்தச் சகோதரியோ மேலாளரோ, 90 நாட்களுக்குள் உரிய நீதிமன்றத்திலோ தீர்ப்பாயத்திலோ மேல்முறையீடு செய்யலாம். அறிக்கை எழுத்தில் இருந்தால்தான் மேல்முறையீடு உண்டு. பெரியவர் இருவர் வாய்மொழியாக முடித்த ஸுலஹை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது?

ஆகவே, நிறுவனம் நடத்தும் சகோதரர்களிடம் நாம் கேட்பது இதுவே. உங்கள் குழு உறுப்பினரின் பெயர்கள் பெண் ஊழியர்கள் காணும் இடத்தில் ஒட்டப்பட்டுள்ளனவா? வெளி உறுப்பினர் யார்? குழுவே அமைக்காதவருக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. பெண்மக்களை வேலைக்கு அனுப்பும் பெற்றோரும் சம்பளத்தைக் கேட்கும்போதே இந்த இரண்டு கேள்விகளையும் கேட்கட்டும். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில், நாளை உங்கள் மகளின் புகாரைக் கேட்கவும் ஆளிருக்காது.