பதினாறு லாட் போட்டாலும் ஒரே பெயர்தான்



பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஊர்களிலிருந்து வரும் கடிதங்களில் தங்க விலைக்கும் சிட்டிக்கும் அடுத்தபடியாக இப்போது ஐ.பி.ஓ.வும் இடம்பிடித்துவிட்டது. ‘அடுத்த வீட்டுக்காரருக்குக் கிடைக்குது, எனக்குக் கிடைக்க மாட்டேங்குது. கூடுதல் லாட் போட்டா கிடைக்குமா ஐயா?’ என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர். இந்தக் கேள்வி பலருக்கும் உண்டு என்பதால் இந்தப் பக்கத்திலேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

லாட்டரியை எல்லைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2003-ல் தமிழ்நாடு லாட்டரியைத் தடை செய்த பிறகு, டிக்கெட் வாங்கவே கேரளப் பக்கம் வருகிறவர்கள் உண்டு. பத்து டிக்கெட் எடுத்தவருக்குப் பத்து வாய்ப்பு. ஆனால் ஐ.பி.ஓ.வில் சிறு முதலீட்டாளர் பிரிவின் குலுக்கல் அப்படி நடப்பதில்லை. எத்தனை லாட் கேட்டிருந்தாலும் ஒரு பான் எண்ணுக்குக் குலுக்கலில் ஒரே ஒரு இடம்தான்.

கொச்சி கப்பல் கட்டும் தளத்தின் பங்கு வெளியீட்டையே எடுத்துக்கொள்வோம். 2017 ஆகஸ்ட் 1 முதல் 3 வரை விண்ணப்பம் வாங்கினார்கள். விலை 432 ரூபாய். சிறு முதலீட்டாளருக்கு 21 ரூபாய் தள்ளுபடி போக 411. ஒரு லாட் என்பது 30 பங்கு, அதாவது 12,330 ரூபாய். இரண்டு லட்ச ரூபாய் வரம்புக்குள் அதிகபட்சம் 16 லாட் கேட்கலாம்.

சிறு முதலீட்டாளருக்கென்று ஒதுக்கியது 35 சதவீதம், ஏறக்குறைய 1.16 கோடிப் பங்குகள். முப்பது முப்பதாகப் பிரித்தால் 3.86 லட்சம் லாட். விண்ணப்பித்தவர்கள் அதைவிடக் குறைவாக இருந்தால் எல்லாருக்கும் ஒரு லாட் நிச்சயம். மிச்சம் இருப்பதைக் கூடுதலாகக் கேட்டவர்களுக்குப் பங்கிடுவார்கள். விண்ணப்பித்தவர்கள் அதிகமானால் கணினிக் குலுக்கல், பெயர் விழுந்தவருக்கு ஒரு லாட் மட்டும். கொச்சியில் நடந்தது இரண்டாவது. பதினாறு லாட்டுக்கு இரண்டு லட்சத்தை முடக்கியவரும் ஒரு லாட்டுக்குப் பன்னிரண்டாயிரத்தை முடக்கியவரும் அந்தக் குலுக்கலில் சமம்தான்.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். ‘சிறு முதலீட்டாளர் பிரிவில் எட்டு மடங்கு விண்ணப்பம்’ என்று செய்தி வந்தால், எட்டுப் பேரில் ஒருவருக்குக் கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். அந்த மடங்கு, கேட்கப்பட்ட பங்குகளின் கணக்கு. பதினாறு லாட் கேட்டவர் அதில் பதினாறாக நிற்கிறார். குலுக்கலில் அவர் ஒருவர்தான். அதனால் உண்மையான வாய்ப்பு அந்த மடங்கு காட்டுவதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். வாய்ப்பைக் கூட்ட நேர்மையான வழி ஒன்றுதான்: வீட்டில் மனைவி, மூத்த மகள் என்று ஆளுக்கொரு பான், ஆளுக்கொரு டிமேட் கணக்கு, ஆளுக்கொரு வங்கிக் கணக்கு வைத்துத் தனித்தனியாக விண்ணப்பிப்பது.

இங்கேதான் நம் ஊர்களில் தவறு நடக்கிறது. மகன் வளைகுடாவில் இருப்பார். அப்பாவின் பெயரில் விண்ணப்பம் போட்டு, பணத்துக்கு மகனுடைய யூ.பி.ஐ. ஐ.டி.யைக் கொடுப்பார்கள். விண்ணப்பதாரர் ஒருவர், கணக்கு இன்னொருவருடையது என்றால் குலுக்கலுக்கே போகாமல் விண்ணப்பம் தள்ளுபடியாகிவிடும். ஒரே பான் எண்ணில் இரண்டு விண்ணப்பம் போட்டாலும் அதே கதி. கடைசி நாள் சாயங்காலம் ஐந்து மணிக்குள் போனில் வரும் யூ.பி.ஐ. ஒப்புதலைக் கொடுக்க மறந்தாலும் அப்படித்தான். ஒப்புதல் போய்ச் சேர்ந்ததா என்று தெரிய வேண்டுமென்றால் வங்கிக் கணக்கைப் பாருங்கள். சரியாகப் போயிருந்தால் விண்ணப்பத் தொகை கணக்கிலேயே முடக்கப்பட்டுக் கிடக்கும். இருப்பு குறையாது, வட்டியும் உண்டு, எடுக்கத்தான் முடியாது. தொகை முடங்கவே இல்லை என்றால் விண்ணப்பம் போய்ச் சேரவில்லை.

இனி முதல் நாள் விலைக்கு வருவோம். கொச்சிப் பங்குக்கு எல்லாப் பிரிவும் சேர்த்து 76 மடங்கு கேட்பு. ஆனால் 2017 ஆகஸ்ட் 11 அன்று மும்பைச் சந்தையில் அது பட்டியலானது 435 ரூபாயில், வெறும் மூன்று ரூபாய் கூடுதலாக. அன்றே 20 சதவீத உச்சவரம்பைத் தொட்டு 522-ல் முடிந்தது. காலையில் சப்பென்று இருந்த பங்கு சாயங்காலத்துக்குள் எப்படி எகிறியது?

காலை விலையை யாரும் நிர்ணயிப்பதில்லை. ஒன்பது மணி முதல் வாங்குவோர், விற்போர் ஆர்டர்களைச் சேர்த்து, எந்த விலையில் மிக அதிகமான பங்குகள் கைமாறுமோ அதைத் தொடக்க விலையாக்குகிறார்கள். வியாபாரம் பத்து மணிக்குத்தான். கொச்சியில் முக்கால் பங்கு அரசின் கையிலேயே இருந்தது. சந்தைக்கு வந்தது கால் பங்கு. அதிலும் அன்று யார் விற்கிறார், யார் வாங்குகிறார் என்பதுதான் விலை.

விற்றே ஆக வேண்டியவர்கள் ஒரு கூட்டம் இருந்தார்கள். பெரும் பணக்காரர் பிரிவில் அப்போது 288 மடங்கு கேட்பு. அந்தப் பிரிவில் குலுக்கல் இல்லை, விகிதப்படி பிரிப்பு. ஒரு பங்கு கையில் வர 288 பங்குக்கான பணம், அதாவது 1,24,416 ரூபாய் கட்ட வேண்டும். பலர் அதைக் கடன் வாங்கித்தான் கட்டினார்கள். எட்டு சதவீத வட்டியில் ஒரு வாரம் என்று வைத்துக்கொண்டால், ஒரு பங்குக்கு வட்டி மட்டும் ஏறத்தாழ 190 ரூபாய். 622-க்கு மேல் விற்றால்தான் அவர்களுக்குக் கட்டுப்படியாகும். ஆனால் கடன் திருப்ப வேண்டியவர் கட்டுப்படியாகிற விலைக்குக் காத்திருக்க முடியாது. போதாததற்கு, அன்று வடகொரியா பதற்றத்தில் சென்செக்ஸே 300 புள்ளிக்கு மேல் விழுந்தது. மூன்றாம் தேதி விண்ணப்பித்தபோது இருந்த சந்தை மனநிலை பதினொன்றாம் தேதி இல்லை.

மறுபக்கம், பெரும் நிறுவனங்கள் 60 மடங்குக்கு மேல் கேட்டு, கேட்டதில் துளிதான் பெற்றிருந்தன. மிச்சத்தைச் சந்தையில்தான் வாங்க வேண்டும். காலை விற்பனை வற்றியதும் இவர்கள் கேட்பே விலையை மேலே தள்ளியது என்பது என் கணிப்பு.

கடன் வாங்கிக் கட்டும் அந்த விளையாட்டு இப்போது வெகுவாக அடங்கிவிட்டது. 2022 ஏப்ரல் முதல், ஐ.பி.ஓ.வுக்காக நிதி நிறுவனங்கள் ஒருவருக்குத் தரும் கடனுக்கு ஒரு கோடி வரம்பை ரிசர்வ் வங்கி வைத்தது. அதே மாதம் முதல் பணக்காரர் பிரிவிலும் குறைந்தபட்ச லாட்டுக்குக் குலுக்கல் வந்தது. விண்ணப்பம் முடிந்து மூன்றே வேலை நாளில் பட்டியலாக வேண்டும் என்பதும் 2023 டிசம்பரிலிருந்து கட்டாயம். அதனால் நடுவில் சந்தை கவிழும் வாய்ப்பு குறைந்திருக்கிறது, இல்லாமல் போகவில்லை.

கிரே மார்க்கெட் விலை என்று வாட்ஸப்பில் சுற்றுவது அதிகாரமோ பதிவோ இல்லாத பேச்சு; அதை வைத்து முதல் நாள் விலையைக் கணிக்க முடியாது. தெரிந்த பெயரை வைத்தும் முடியாது. கல்யாண் ஜுவல்லர்ஸ் 2021 மார்ச்சில் 87 ரூபாய்க்கு வந்தபோது கேட்பு இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். திருச்சூர்க் கடை, எல்லாருக்கும் தெரிந்த பெயர். ஆனாலும் பட்டியலான அன்று தொடக்கமே 74 ரூபாய்க்குள் விழுந்தது. அன்று விற்றவருக்கு நூற்றுக்குப் பதினைந்து நஷ்டம். 2024-ல் அதே பங்கு 500 ரூபாயைத் தாண்டியது. கொச்சிப் பங்கோ முதல் நாள் குதித்துவிட்டு, 2020 மார்ச்சில் வெளியீட்டு விலைக்கு வெகு கீழே கிடந்தது.

லாட் விழுந்து, முதல் நாளே விற்க நினைப்பவர்கள், எந்த விலைக்கும் என்று சந்தை விலை ஆர்டர் போடாமல் உங்கள் விலையைக் குறிப்பிட்டே ஆர்டர் போடுங்கள். பத்து மணிக்கு முதல் சில நிமிடங்களில் விலை கண்டபடி ஆடும். குறிப்பிட்ட விலைக்குக் கீழே உங்கள் பங்கு போகாது.

அன்புடன்,
ஆசிரியர்