23 பேர் போதும், ஆனால் ஏன்?

23 பேர் இருந்தால் ரெண்டு பேருக்கு ஒரே பிறந்தநாள் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. இதை மாய வித்தை மாதிரிச் சொல்லிட்டுப் போறதுதான் எனக்குப் பிடிக்கிறதில்லை. 364/365, 363/365 என்று பின்னங்களை வரிசையாகப் பெருக்கினால் விடை வரும், காரணம் விளங்காது. என்னைக் கேட்டால், e வைத்துச் செய்யும் அண்ணளவான வழிதான் கலைப்பீடத்துக்காரருக்கும் நல்லது.

ஆக்களை எண்ணாதீங்கோ, சோடிகளை எண்ணுங்கோ. 23 பேரும் மற்ற 22 பேரோட சேரலாம். ஒவ்வொரு சோடியும் ரெண்டு தரம் எண்ணுப்படுவதால் 506ஐப் பாதியாக்க வேணும்: 253 சோடி. ஒரு சோடி பொருந்தாமல் போகும் வாய்ப்பு 364/365. இது e^(-1/365) இற்கு மிகக் கிட்ட. 253 தரம் பெருக்கினால் அடுக்குகள் கூட்டுப்பட்டு e^(-253/365) ஆகும். கல்குலேட்டரில் போட்டால் 0.5.

23 எங்கிருந்து வந்தது? e^(-n(n-1)/730) = 1/2 என்று வைத்தால் n(n-1) = 730 × ln 2, கிட்டத்தட்ட 506. அதாவது 23 × 22.

சோடிகள் ஒன்றையொன்று சாராதவை என்று எடுத்தது முழு உண்மையில்லைத்தான். ஆனாலும் சரியான விடை 50.7%, பிழை ஒரு வீதம்கூட இல்லை. பிறப்புகள் சில மாதங்களில் குவிந்தால் வாய்ப்பு இன்னும் கூடும்.

"எங்கட வகுப்பில என்ர பிறந்தநாளில ஒருத்தரும் இல்லையே" என்பது வேற கேள்வி. உங்களோட சேரும் சோடி 22 மட்டுமே, வாய்ப்பு 6% அளவில்தான். அது பாதியாக வேணுமென்றால் உங்களைவிட இன்னும் 253 பேர் வேணும்.