அட்வான்ஸ் கொடுக்க வெட்கமில்லை, கடிதம் கொடுக்க மட்டும் வெட்கமா?

"வீட்டுக்கு வந்த அன்றைக்கே ஓனருக்குக் கடிதமா? மனுசன் என்ன நினைப்பார்?" இடமாற்றத்தில் வந்து வாடகைக்கு இருக்கும் நம்மவர்கள் இப்படித்தான் தயங்குகிறோம். ஆறு மாத அட்வான்ஸை எண்ணிக் கொடுக்கும்போது இந்தத் தயக்கம் எங்கே போனது?

வீட்டை விடும் நாளில் நடப்பது ஊருக்கே தெரியும். பேசினில் வெடிப்பு. சீலிங்கில் தண்ணிக் கறை. பாத்ரூம் கதவின் அடி ஊறி உப்பியிருக்கிறது. "இது நீங்க வந்த பிறகுதான்" என்பார் ஓனர். "வரும்போதே இருந்தது" என்போம் நாம். காசு அவர் கையில் இருப்பதால் அவர் பேச்சுத்தான் நிற்கும். அவர் பொய் சொல்கிறார் என்றுமில்லை. மூன்று வருசத்துக்கு முந்திய வெடிப்பு அவருக்கு ஞாபகமே இருக்காது.

திறப்பு கைக்கு வந்ததும், சாமான் இறக்குமுன் போட்டோ எடுப்போம். வாசலில் நின்று அறை முழுவதும் ஒன்று, பிறகு பழுதுக்குக் கிட்டப் போய் ஒன்று. கிட்ட எடுத்தது மட்டும் இருந்தால் அது எந்த வீட்டுச் சுவர் என்று யாருக்குத் தெரியும்? பழுதின் பக்கத்தில் ஒரு அடிமட்டம் வைத்தால் நீளமும் பதிவாகும். அன்றைக்கே இப்படி எழுதுவோம்:

"ஹாஜியார் அவர்களுக்கு, 2025.08.02 அன்று தங்கள் வீட்டின் திறப்பைப் பெற்றுக்கொண்டோம். அன்று வீட்டில் இருந்த பழுதுகள்: 1. குசினி பேசினின் இடது மூலையில் சுமார் 10 செ.மீ. வெடிப்பு. 2. முன்னறை சீலிங்கில், ஜன்னலுக்கு மேலே, தண்ணிக் கறை. 3. பாத்ரூம் கதவின் அடிப்பகுதி ஊறியுள்ளது. அன்றே எடுத்த 6 படங்களை இத்துடன் இணைத்துள்ளோம். தங்கள் பதிவுக்காக அறியத் தருகிறோம்."

அவ்வளவுதான். "திருத்தித் தாங்க" என்று இதற்குள் எழுதவே கூடாது. கேட்டால் அது பேரம் ஆகிவிடும், ஓனர் வாங்கவே தயங்குவார். திருத்த வேலைக்கு வேறு கடிதம் எழுதலாம்.

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் "கிடைத்தது" என்று திகதியோடு கையெழுத்து வாங்குவோம். அது ஒப்புக்கொண்டதற்கல்ல, பெற்றுக்கொண்டதற்கு மட்டும் என்று விளக்கினால் பெரும்பாலும் போடுவார்கள். மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்வோம். வட்ஸ்அப்பிலும் போடலாம். ஆனால் சாதாரணமாகப் படம் அனுப்பினால் போட்டோவுக்குள் பதிந்திருக்கும் திகதி அழிந்துபோகும், ஆகவே டொக்கியுமென்டாக அனுப்ப வேண்டும். போன் திகதியை யாரும் மாற்றலாம் என்று வாதாட வருவார்கள். சரி, ஓனர் கையில் கிடைத்த நாளை யார் மாற்றுவது?

ஓகஸ்டில் குடிவந்தால் கூரை ஒழுக்கு கண்ணில் படாது. மாரி தொடங்கி முதல் மழையில் ஒழுகினால் அன்றைக்கே இரண்டாவது கடிதம். நம் பிள்ளை பந்தடித்து உடைத்த கண்ணாடிக்கு இந்தக் கடிதம் உதவாது, அதை நாம்தான் போட்டுக் கொடுக்க வேண்டும்.

"இந்த ஊரில் இதெல்லாம் வழக்கமில்லை" என்கிற புரோக்கரிடம் ஒன்று கேட்போம்: வீட்டை விடும்போது அட்வான்ஸில் வெட்டும் காசை உங்கள் கமிஷனில் இருந்து தருவீர்களா?