எட்டாம் நம்பர் என்று ஒன்று இல்லை

விளையாட்டுப் போட்டி வந்தால் "மகனுக்கு எட்டு" என்று சொல்லிச் சப்பாத்து வாங்குகிறோம். எந்தக் கம்பனியின் எட்டு? ஆண்களுக்கான நைக்கில் யூகே 8 என்றால் 27 சென்டிமீற்றர். அடிடாஸில் அதே 8 வெறும் 26.5தான், 27 வேண்டுமென்றால் எட்டரை எடுக்க வேண்டும். பிள்ளையின் நகம் கறுத்த பிறகு பயிற்சியைக் குறை சொல்கிறோம்.

பின்னேரம் மேஸ் போட்டு, குதியைச் சுவரில் முட்டிக் கடதாசியில் நிற்க வைத்து, நீண்ட விரல் வரை அளப்போம். பெரிய காலின் அளவே கணக்கு. பெட்டியில் சென்டிமீற்றரைப் பார்த்து எடுத்து, போட்டு நின்றால் விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் மிஞ்ச வேண்டும்.

பாதம் அகலமென்றால் பெரிய நம்பர் தீர்வல்ல. குதி கழன்று ஆடும். அகலமான மாதிரியைத்தான் கேட்க வேண்டும். கடையில் இனி நம்பரைச் சொல்லாமல் அளவைச் சொல்லுவோம்.